ஒரு வாரமாகப் பதில் இல்லை, ஜப்பான்காரருக்கு இரண்டாவது மெயில் எப்படிப் போடுவது?

டூல்ரூம்_ரவி · 3 மே 2024, வெள்ளி, இரவு 9.10

ஒரகடம் பக்கம் சின்ன மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். ஜப்பானில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் காலர் புஷ் சப்ளை செய்கிறோம். அவர்கள் டிராயிங்கை ரெவ் பி-யிலிருந்து ரெவ் சி-க்கு மாற்றி அனுப்பினார்கள். பெரிய மாற்றம் இல்லை, விளிம்பைச் சரிவாக வெட்டுகிற சாம்ஃபர் 0.5 மில்லி இருந்தது 1 மில்லி ஆகியிருக்கிறது. அதன்படி சாம்பிள் போட்டு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டோடு ஏப்ரல் 24 புதன்கிழமை மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. 30-ஆம் தேதி ஒரு ரிமைண்டர் போட்டேன். அதற்கும் இல்லை. இங்கே ஓனர் தினமும் காலையில் என் டேபிளுக்கு வந்து நிற்கிறார், பழைய சாம்ஃபரில் 4200 பீஸ் ரேக்கில் கிடக்கிறது, அதை அனுப்பலாமா ஓரம் கட்டலாமா என்று தெரிய வேண்டும்.

நான் ஜப்பானிய மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாவது நிலையான என்4 வரை படித்திருக்கிறேன். அடுத்த மெயிலை இங்கிலீஷில் போடுவதா ஜப்பானிய மொழியில் போடுவதா? விரட்டுகிற மாதிரியும் இருக்கக்கூடாது, பதிலும் வர வேண்டும்.

கணேஷ்_எம்சிஏ · 3 மே, இரவு 9.34

சிம்பிள். அவருடைய மேனேஜரை சிசியில் போட்டு அதே மெயிலை மறுபடி அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் பதில் வரும். எங்கள் பிராஜெக்டில் எல்லோரும் இப்படித்தான். ஜப்பான்காரர்கள் மேலதிகாரி என்றால் பயப்படுவார்கள்.

துபாஷி · 3 மே, இரவு 10.05

ரவி, மெயிலைத் தொடாதே. முதலில் காலண்டரைப் பார்.

ஏப்ரல் 29 திங்கள் அங்கே அரசு விடுமுறை. மே 3, 4, 5 மூன்றும் விடுமுறை. 5 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் 6 திங்களும் விடுமுறை. இதைத்தான் கோல்டன் வீக் என்கிறார்கள். நடுவில் 30, 1, 2 மூன்றும் வேலை நாள்தான், ஆனால் தொழிற்சாலைகள் நிறைய அந்த மூன்றையும் சேர்த்து 27 சனியிலிருந்து 6 திங்கள் வரை கதவைச் சாத்திவிடும். அப்படிப் பார்த்தால் உன் மெயில் போன பிறகு அவர்களுக்கு வேலை நாள் என்று இருந்தது வியாழனும் வெள்ளியும் மட்டும்தான். நீ சொல்கிற "ஒரு வாரம்" அவர்களுக்கு இரண்டு நாள். நீ 30-ஆம் தேதி போட்ட ரிமைண்டர் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டியது போலத்தான்.

ஆகஸ்ட் நடுவில் ஓபோன், டிசம்பர் 29-லிருந்து ஜனவரி 3 வரை புத்தாண்டு, இந்த இரண்டையும் சேர்த்துக் குறித்து வைத்துக்கொள். வருடத்தில் இந்த மூன்று இடங்களில் வாரக்கணக்கு உதவாது.

கணேஷ், சிசி விஷயம் நாளைக்கு எழுதுகிறேன். இப்போது சமையலறையில் வேலை இருக்கிறது.

ஓய்வுபெற்ற_ஓஎஸ் · 4 மே, காலை 6.20

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை. நான் 31 வருடம் கலெக்டர் ஆபீசில் இருந்தவன். எங்களுக்கு இதெல்லாம் மரியாதைப் பிரச்சினையே கிடையாது. பொருள், பார்வை போட்டு, மேலே "நினைவூட்டு 1" என்று எழுதி அனுப்புவோம். பிறகு நினைவூட்டு 2, 3. அதற்கும் அசையவில்லை என்றால் அதிகாரி கையெழுத்தில் நேர்முகக் கடிதம். வாங்குகிறவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த நினைவூட்டுக்காகக் காத்திருப்பார்.

தம்பி எந்தத் துறைக்கு எழுதினீர்கள் என்று சொல்லவில்லையே?

டூல்ரூம்_ரவி · 4 மே, காலை 8.02

ஐயா, அது துறை இல்லை, ஜப்பான் கம்பெனி.

துபாஷி · 4 மே, காலை 11.40

ஓஎஸ் ஐயா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. நினைவூட்டுக்கு எண் போட்டு ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டால் அதில் கோபதாபம் போய்விடுகிறது. ஆனால் அந்த வழக்கம் இரண்டு பக்கமும் இருந்தால்தான் வேலை செய்யும்.

சிசி பற்றி. கணேஷ் சொன்னது பாதி சரி. பதில் வரும், வேகமாகவும் வரும். ஆனால் முதல் மெயிலில் இல்லாத மேனேஜர் இரண்டாவது மெயிலில் திடீரென்று வந்தால், "உன் ஆள் வேலை செய்யவில்லை" என்று அவர் வீட்டு வாசலில் நின்று கத்திய மாதிரி. பயத்தால் இல்லை, அவமானத்தால் பதில் வரும். அந்த மனிதரோடு நீ இன்னும் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். முதல் மெயிலிலேயே அவர்கள் பிரிவின் பொது முகவரியை சிசியில் வைத்திருந்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். அங்கே அது சாதாரணம்.

நான் ஸ்ரீபெரும்புதூரில் பன்னிரண்டு வருடம் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். ஒரு தடவை ஏப்ரல் மாதம் முழுக்க ஒருவருக்கு மரியாதையாக மெயில் போட்டுக்கொண்டே இருந்தேன், ஒவ்வொன்றிலும் பணிவு கூடிக்கொண்டே போனது, கடைசி மெயிலைப் படித்தால் எனக்கே கண்ணீர் வரும். ஏப்ரல் 1-ஆம் தேதியே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். மார்ச்சோடு கணக்கு வருடம் முடிகிறது, அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் ஆட்களை மாற்றுவார்கள். பொது முகவரி சிசியில் இருந்திருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும்.

ரவி, நீ போட்ட இரண்டு மெயிலையும் இங்கே போடு. கம்பெனி பெயரை எடுத்துவிடு.

டூல்ரூம்_ரவி · 4 மே, மதியம் 1.15

முதல் மெயில் நீளம். சாரம் இதுதான்: சாம்பிள் ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன், சரி பாருங்கள். எந்த லாட்டிலிருந்து ரெவ் சி தொடங்க வேண்டும்? ஸ்டாக்கில் இருக்கும் 4200 ரெவ் பி பீஸை என்ன செய்ய? மூன்றையும் ஒரே பாராவில் எழுதிவிட்டேன். கடைசி வரி "ப்ளீஸ் ரிவர்ட் அட் தி எர்லியஸ்ட்".

ரிமைண்டர் முழுசாக: "ஜென்டில் ரிமைண்டர். கைண்ட்லி கோ த்ரூ த ட்ரெய்லிங் மெயில் அண்ட் டூ த நீட்ஃபுல். ப்ளீஸ் ரிவர்ட்."

சிசியில் அவர்கள் பக்கம் யாரும் இல்லை அக்கா.

துபாஷி · 4 மே, மாலை 5.30

பார்த்தேன். பிரச்சினை பணிவில் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

உன் மூன்று கேள்விகளில் ரிப்போர்ட் சரியா என்பதை அவரே சொல்லலாம். எந்த லாட் என்பதற்கு அவர் உற்பத்திப் பிரிவைக் கேட்க வேண்டும். 4200 பீஸ் விஷயம் வடிவமைப்புப் பிரிவு, கொள்முதல் பிரிவு என்று காகிதம் சுற்றி முத்திரை விழ வேண்டியது. மூன்றும் ஒரே பாராவில் இருந்தால் அவர் என்ன செய்வார் தெரியுமா, மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு முழுசாகப் பதில் எழுதலாம் என்று வைத்திருப்பார். அரைகுறைப் பதில் அனுப்புவது அங்கே நிறைய பேருக்குக் கூச்சம். உனக்கு அது மௌனமாகத் தெரிகிறது, அவர் மேஜையில் அது நடந்துகொண்டிருக்கிற வேலை.

அதனால் அடுத்த மெயிலில் பதிலைக் கேட்காதே, பதில் எப்போது வரும் என்று கேள். "எந்தத் தேதிக்குள் சொல்ல முடியும் என்று மட்டும் தெரிந்தால் இங்கே திட்டமிட வசதியாக இருக்கும்." அதற்கு யார் முத்திரையும் வேண்டாம், அவரே எழுதிவிடலாம். தேதி வந்துவிட்டால் உனக்கும் அடுத்த ரிமைண்டர் எப்போது என்ற கவலை போயிற்று, அவர் சொன்ன தேதிதான் கணக்கு.

ஓனருக்கும் காட்ட ஒரு தேதி கிடைக்கும்.

துபாஷி · 5 மே, காலை 9.15

மொழி பற்றிக் கேட்டிருந்தாய். மேலே ஜப்பானிய மொழியில் ஐந்தாறு வரி, கீழே இங்கிலீஷில் அதே விஷயம் சுருக்கமாக. என்4 போதும், ஏனென்றால் இந்த மெயிலில் எதையும் நீ சொந்தமாக எழுதப் போவதில்லை, எல்லாம் வழக்கமான வரிகள்.

முதலில் அவர் கம்பெனி, பிரிவு, பெயரோடு மரியாதைக்கு "சாமா". அடுத்த வரி "இட்சுமோ ஓசேவா நி நத்தே ஓரிமாசு". எப்போதும் உங்கள் தயவில் இருக்கிறோம் என்கிற மாதிரி, நம்மூர்க் கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" எப்படியோ அப்படி, யாரும் அர்த்தம் பார்த்துப் படிப்பதில்லை, ஆனால் இல்லாவிட்டால் உறுத்தும். அப்புறம் உன் கம்பெனி, உன் பெயர். அப்புறம் ஏப்ரல் 24 அன்று அனுப்பிய காலர் புஷ் ரெவ் சி விஷயம் என்று சொல்லி "சோனோ கோ இகாகா தேஷோ கா". அதன் பிறகு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். "நீங்கள்" என்ற சொல்லே இல்லை, "பதில் வரவில்லை" என்பதும் இல்லை. விஷயத்தை நலம் விசாரிக்கிறாய், ஆளை இல்லை.

அடுத்து தேதி கேட்கும் வரி, காரணத்தோடு. முடிவில் "இகிச்சிகாய் தே ஷிதாரா கோயோஷா குதாசாய்". நீங்கள் ஏற்கெனவே பதில் அனுப்பி, அது என் மெயிலோடு வழியில் குறுக்கே போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எனக்குப் பிடித்த வரி இது. பதில் அனுப்பவே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் அனுப்பியிருக்கலாம் என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறாய்.

"பார்த்தீர்களா" என்று மட்டும் கேட்காதே. அது குற்றம் சாட்டுவது.

கணேஷ்_எம்சிஏ · 5 மே, காலை 10.50

துபாஷி மேடம், "கோகாகுனின் இததகெமாஷிதா தேஷோ கா" என்று எங்கள் டோக்கியோ கிளையண்டே வாரத்துக்கு நான்கு தடவை எனக்கு எழுதுகிறார். சரிபார்த்துவிட்டீர்களா என்றுதானே அர்த்தம்?

துபாஷி · 5 மே, இரவு 8.20

சரிதான் கணேஷ், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அந்த வரி தினமும் புழங்குவதுதான். கிளையண்ட் உங்களுக்கு எழுதலாம், நீங்களும் அவருக்கு எழுதலாம். நான் சொல்ல வந்தது வெறும் "மிமாஷிதா கா" பற்றி. அந்த நீளமான வடிவத்தில் "சரிபார்த்து உதவினீர்களா" என்று உதவி உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் கெடு முடிந்த பிறகு அனுப்பினால் அதுவும் அழுத்தமாகத்தான் விழும், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று தோன்றியது. தமிழில் "பதில் அனுப்பவும்" என்றால் நோட்டீஸ், "பதில் அனுப்புங்கள்" என்றால் பரவாயில்லை, "அனுப்பினால் உதவியாக இருக்கும்" என்றால் யாருக்கும் கோபம் வராது. ஜப்பானிய மொழியிலும் இதே கட்டுமானம்தான்: "ஓஹென்ஜி இததகெமாசு தோ சைவாய் தேசு", பதில் தந்தால் மகிழ்ச்சி. தமிழில் யோசித்தால் நேராகப் போய் நிற்கும் இடத்துக்கு, இங்கிலீஷ் வழியாகச் சுற்றிப் போய் "கைண்ட்லி" என்று முட்டிக்கொள்கிறோம். "கைண்ட்லி" போட்டாலும் உள்ளே இருப்பது கட்டளைதான்.

டூல்ரூம்_ரவி · 6 மே, இரவு 9.00

நாளைக் காலை முதல் வேலையாக அனுப்பிவிடட்டுமா?

துபாஷி · 6 மே, இரவு 9.12

நாளை வேண்டாம். பத்து நாள் மெயில் மொத்தமும் நாளைக்குத்தான் திறப்பார்கள். புதன் 8-ஆம் தேதி, நம்ம நேரம் காலை 7 மணி. அங்கே பத்தரை. பழைய மெயில் சங்கிலியிலேயே, `Re:` சப்ஜெக்டை மாற்றாமல். சப்ஜெக்டில் "சாய்சோ" என்று போடச் சிலர் சொல்வார்கள். அது மறுபடி அனுப்புகிறேன் என்பது, முதல் மெயிலில் இணைப்பு விட்டுப்போயிருந்தால் போடு, இதற்கு வேண்டாம்.

டூல்ரூம்_ரவி · 9 மே, காலை 11.25

பதில் வந்துவிட்டது! ஆனால் ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். சாரம்: தாமதத்துக்கு மன்னிக்கவும், ரெவ் பி-க்குத் திரும்ப வேண்டும் என்ற உங்கள் கோரிக்கையை வடிவமைப்புப் பிரிவு பரிசீலிக்கிறது, 17-ஆம் தேதிக்குள் சொல்கிறோம், 1 மில்லி சாம்ஃபரில் உங்களுக்கு என்ன சிரமம் என்று தெரிவிக்க முடியுமா?

நான் எங்கே ரெவ் பி-க்குத் திரும்பக் கேட்டேன்? சாம்பிளே ரெவ் சி-யில்தானே போட்டு அனுப்பினேன்!

சிராங்கூன்_செல்வி · 9 மே, மதியம் 12.05

"ப்ளீஸ் ரிவர்ட்"!

இங்கே சிங்கப்பூரிலும் எல்லா ஆபீசிலும் எழுதுவோம், பதில் போடு என்ற அர்த்தத்தில். எங்கள் ஆஸ்திரேலிய மேனேஜர் ஒருவர் முதல் மாதம் எதையெல்லாமோ பழைய நிலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அகராதியில் முதலில் நிற்கும் அர்த்தம் பழைய நிலைக்குத் திரும்புவதுதான். டிராயிங் ரெவிஷன் மாற்றம் பற்றிய மெயிலில் போய், அதுவும் இரண்டு தடவை, ரிவர்ட் செய் என்று எழுதினால் அவர் வேறு என்ன நினைப்பார் பாவம்.

துபாஷி · 9 மே, மதியம் 12.40

தலையில் அடித்துக்கொண்டேன். 4-ஆம் தேதி அந்த வரி என் கண் முன்னால்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் இதே இங்கிலீஷைப் படித்துப் படித்து எனக்கு உறுத்தவே இல்லை. கேள்வியின் அமைப்பில்தான் பிரச்சினை என்று பெரிதாக எழுதினேனே, அது பாதிக் காரணம்தான். அவர்கள் உட்கார்ந்து, இந்தச் சப்ளையர் ஏன் பழைய டிராயிங் கேட்கிறான், மெஷின் இல்லையா, டூல் இல்லையா என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். "நீட்ஃபுல்" என்னவென்று தேடியும் நேரம் போயிருக்கும்.

ரிமைண்டர் வேலையைத் தள்ளவில்லை, தப்பான திசையில் இன்னொரு தள்ளு தள்ளியிருக்கிறது.

ரவி, இன்றே எழுது, இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. "நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்" என்று எந்த மொழியிலும் எழுதாதே. "கொதோபா தாராசு தே ஷித்சுரே இதாஷிமாஷிதா", என் சொல் போதாமல் போனதற்கு மன்னிக்கவும். நடந்ததும் அதுதானே. அடுத்து, ரெவ் சி-யில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பிறகு மூன்று கேள்விகளையும் 1, 2, 3 என்று தனித்தனி வரியில், ஒவ்வொன்றும் ஒரே வாக்கியத்தில். கிடைத்ததை முதலில் அனுப்பினால் போதும், மற்றது பிறகு வரட்டும் என்று ஒரு வரி.

அவர்கள் பிரிவின் பொது முகவரி பதில் மெயிலில் இருந்தால் அதையும் விட்டுவிடாமல் சிசியில் வை.

ஓய்வுபெற்ற_ஓஎஸ் · 9 மே, மாலை 4.00

எங்கள் காலத்தில் பார்வையில் முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் இருக்கும், ரிவர்ட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. "விவரம் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது". யார் கேட்கிறார் என்றே தெரியாது, அதனால் யார் மேலும் கோபப்பட முடியாது.

சிராங்கூன்_செல்வி · 9 மே, மாலை 4.45

ஐயா, துபாஷி சொன்ன "நீங்கள்" இல்லாத வாக்கியம் இதுதானே! கலெக்டர் ஆபீஸ் தமிழுக்கும் ஜப்பானிய மெயிலுக்கும் சொந்தம் இருக்கும் போல.

துபாஷி · 9 மே, இரவு 9.30

ஒரு வித்தியாசம் இருக்கிறது செல்வி. "கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்பதில் ஆளும் இல்லை, நன்றியும் இல்லை. ஜப்பானிய வரியில் ஆள் ஒளிந்திருந்தாலும் வாங்கிக்கொள்கிறவனின் பணிவு வினைச்சொல்லிலேயே இருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் சிரிப்பு வருகிறது, பார்வை வரி உண்மையிலேயே நல்ல பழக்கம்தான்.

கணேஷ்_எம்சிஏ · 9 மே, இரவு 10.10

ஃபோன் செய்திருந்தால் 25-ஆம் தேதியே முடிந்திருக்கும். அதை யாரும் சொல்லவில்லை.

துபாஷி · 9 மே, இரவு 10.25

ரவியின் என்4-ஐ வைத்து ஃபோனிலா? அவர் இங்கிலீஷும் அப்படித்தான் இருந்தால் இரண்டு பேரும் "யெஸ் யெஸ்" சொல்லிவிட்டு வைத்திருப்பார்கள். எழுத்தில் வந்ததால்தான் ரெவ் பி என்று கண்ணில் பட்டது. நல்ல மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

டூல்ரூம்_ரவி · 10 மே, மதியம் 2.50

காலையிலேயே வந்துவிட்டது. 1 ரிப்போர்ட் சரி. 2 ஜூன் முதல் லாட்டிலிருந்து ரெவ் சி. 3 அந்த 4200 பீஸ் மட்டும் "கென்தோ சூ", 17-ஆம் தேதி சொல்கிறேன் என்கிறார். கூட்டத்தை ரத்து செய்துவிட்டதாகவும் ஒரு வரி இருக்கிறது, சிரிக்கிறாரா கோபமா தெரியவில்லை.

ஓனரிடம் காட்டினேன். "17-க்கு அப்புறம்?" என்கிறார்.

துபாஷி · 10 மே, மாலை 6.15

"கென்தோ சூ" என்றால் பரிசீலனையில் இருக்கிறது. விற்பனைக்காரர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்பதற்கு மரியாதையான பெயர். ஆனால் உனக்குத் தேதியோடு வந்திருக்கிறது, அதனால் உண்மையிலேயே பரிசீலனையாக இருக்கலாம். அந்தப் பீஸை ஸ்கிராப்பில் போடாதே, லேபிள் ஒட்டித் தனியாக வை.

17 வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வரை அவருடைய நாள். வரவில்லை என்றால் 20 திங்கள், காலை ஏழு மணி, அதே சங்கிலி, "இகிச்சிகாய்" வரியோடு. ஓனரை அதுவரை ரேக் பக்கம் நிற்கச் சொல்.

டூல்ரூம்_ரவி · 10 மே, மாலை 6.40

சரி அக்கா. ஃபோனில் 20-ஆம் தேதிக்கு அலாரம் வைத்துவிட்டேன். இங்கே இன்னும் இரண்டு சப்ளையருக்கு நான் இன்று காலையில் அனுப்பிய மெயிலிலும் "ப்ளீஸ் ரிவர்ட்" இருக்கிறது, அவர்கள் கோயம்புத்தூர் என்பதால் விட்டுவிடுகிறேன்.